மூன்றரை ஓட்டம்

கேரம் போர்டு வாங்கப் போகிறவன் முதலில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பார் மெல்கியோர் அண்ணன். பாலிஷ் என்பது கல்யாணப் பெண்ணின் பவுடர் மாதிரி, அதைப் பார்த்து மயங்கினவன் பிறகு வாழ்க்கை முழுக்க முழிப்பான் என்று சொல்லிவிட்டு, தன் கல்யாணத்தை நினைத்துக்கொண்டவர் போல ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தோணியம்மாள் அண்ணி அவரை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டுதான் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி வரைக்கும் எந்தக் கேரம் மன்றத்துக்கும் போர்டு பார்த்துக் கொடுத்தார். போர்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, காதைப் பலகையோடு ஒட்டி, நடுவிரல் முட்டியால் மேலிருந்து கீழ் வரை தட்டிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் சத்தம் பொத்தென்று விழுந்தால், உள்ளே பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே காய் சோம்பிப் போகும். அப்புறம் ஃபிரேம். நான்கு பக்கமும் தட்டி, மாமரமா, கருவேலமா, ஈட்டியா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மாங்கட்டைக்கு எத்தனை கோட் கறுப்பு பாலிஷ் அடித்தாலும், அது மோதின வேகத்தைப் பாதியாய் விழுங்கிவிடும். கருவேலம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். நாலு மூலையிலும் கட்டை சேருகிற இடத்தில் நகத்தை விட்டுப் பார்ப்பார். நகம் நுழைந்தால் வேண்டாம். உள்பக்க விளிம்பு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் காயை அடிக்கிற ஸ்ட்ரைக்கர் துள்ளும், அதுவும் வேண்டாம்.

இதெல்லாம் ஆன பிறகுதான் கண்ணைத் திறப்பார். பலகையை விளக்குக்கு எதிரே சாய்த்து மேற்பரப்பில் அலை தெரிகிறதா என்று பார்ப்பார். எங்கள் பக்கம் கடல் காற்று. லேக்கர் பூச்சைக் கனமாக அடித்துப் பளபளவென்று வைத்த போர்டில், கடையில் இருக்கும்வரை காய் காற்றாய்ப் பறக்கும், எங்கள் மன்றத்துக்கு வந்து ஒரு மழையைப் பார்த்ததும் பிசுபிசுக்கும். மர ரேகை மூடியிருக்க வேண்டும், ஆனால் பவுடர் தங்க வேண்டும், அவ்வளவுதான் பாலிஷ்.

கடைசியாக ஓட்டம். வெறும் போர்டில், கோட்டின் மேல் ஸ்ட்ரைக்கரை வைத்து நேராக, முழு வேகத்தில் அடிப்பார். எதிர் ஃபிரேமுக்குப் போகும், வரும், மறுபடி போகும், பாதி தூரம் வந்து நிற்கும். மூன்றரை ஓட்டம். அதுதான் நல்ல போர்டுக்குக் கணக்கு. குறைந்தால் மட்டம், மிஞ்சினாலும் சந்தேகம். தேறிய போர்டைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் சாக்பீஸால் ‘பார்த்தாச்சு’ என்று எழுதி, கீழே ‘மெ’ என்று ஓர் எழுத்துப் போடுவார். அந்த எழுத்து இருந்தால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவருக்கு வேறு சொத்தும் கிடையாது, பிள்ளையும் கிடையாது.

இன்னொரு ஆள் இருந்தார், தணிகாசலம். மெல்கி அண்ணனுக்கு இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. இருபத்துநாலு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். ஜோடி என்றால் எங்கள் ஆட்டத்தில் பக்கத்தில் உட்கார்வது இல்லை, எதிரே உட்கார்வது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது. இந்த இரண்டு பேரும் பேசாமல் பேசுவதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும். போர்டு பார்க்கப் போனாலும் சேர்ந்துதான் போவார்கள். மெல்கி அண்ணன் ஸ்ட்ரைக்கரை அடிப்பார், தணிகாசலம் எதிர்ப் பக்கம் குந்திக்கொண்டு ஃபிரேமைப் பார்ப்பார்.

இருவருக்கும் ஒரே அச்சில் செய்த ஸ்ட்ரைக்கர். ஒரே பிளாஸ்டிக் ஷீட்டில் கடைந்தது, தட்டான் தராசில் வைத்தால் இரண்டும் பதினைந்து கிராம், முள் அசையாது. கல் தரையில் போட்டால் இரண்டும் ஒரே சுருதியில் கேட்கும். வித்தியாசம் தெரிய, மேல்பக்கத்து வளையக் கோட்டுக்குள் ஊசியால் கீறி ஒன்றில் ‘மெ’, மற்றதில் ‘த’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டும் பழைய பவுடர் டப்பா ஒன்றில், ஒரே துணியில் சுற்றிக் கிடக்கும்.

போன ஆடியில் தணிகாசலம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் செத்தால் அவருடைய ஸ்ட்ரைக்கரை வலது உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கி அனுப்புவோம். அதை வைப்பது ஜோடிக்காரர். மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குத் தூக்குவதற்கு முன்னால் மெல்கி அண்ணன் டப்பாவைத் திறந்தார், ஒன்றை எடுத்து வைத்தார், ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார். மண்ணும் தள்ளினோம். நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மெல்கி அண்ணன் ஆடுவதை நிறுத்திவிட்டார். போர்டு மட்டும் பார்த்துக் கொடுத்தார்.

நான் சலோமி. ரயில்வேயில் இந்தக் கேரத்தால் வேலை வாங்கியவள், வாய் நீளம் என்று பெயர் வாங்கியவளும்தான். அதனால் அந்த வருஷம் முதலில் கத்தியது நானே. மெல்கி அண்ணன் ‘பார்த்தாச்சு’ போட்ட ஒரு புதுப் போர்டில் அரையிறுதி ஆடினேன். கடைசி வெள்ளைக் காய், எதிர் ஃபிரேமில் மோதி என் பக்கத்து மூலைக்கு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அடி. காய் குழிக்கு இரண்டு விரல் முன்னால் நின்றது. தோற்றேன். வியாசர்பாடியில் ஒரு மன்றம் அவர் பார்த்துக் கொடுத்த இரண்டு போர்டையும் திருப்பி அனுப்பியது. கொருக்குப்பேட்டையில் கவிழ்த்துப் பார்த்து அந்த எழுத்தை அழித்துவிட்டார்கள் என்று கேள்வி. காது போய்விட்டது கிழவனுக்கு என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் கோபம்தான். அன்றைக்கு என்னால் தூங்கவே முடியவில்லை.

தணிகாசலத்தின் வருஷ நினைவுக்கு மன்றத்தில் போட்டி வைத்தோம். எட்டு போர்டு வேண்டும். மாவட்டச் சங்கத்து நடுவர் தன் ஸ்ட்ரைக்கரோடு வந்து ஒவ்வொன்றையும் சோதிப்பார். மெல்கி அண்ணன் பார்த்த போர்டு இந்த முறையும் சோடை போனால், இனி அவர் எதற்கும் எழுத்துப் போட வேண்டாம் என்று கமிட்டியில் முடிவானது. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னது நான். அவர் தலையை ஆட்டினார். போர்டு எடுக்கப் போகும்போது நீயும் கூட வா என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் தணிகாசலத்தின் மனைவி குணசுந்தரி அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போட்டியில் வைக்கத் தணிகாசலத்தின் படத்தைக் கொடுக்கத்தான் கூப்பிட்டாள். ஆனால் படத்தைத் துடைத்துக்கொண்டே வேறொன்றும் சொன்னாள்.

“தினம் வர்றாரு சலோமி. வந்து வாசப்படியாண்ட நிக்கிறாரு. ஒரு வார்த்த பேச மாட்றாரு. வலது கைய இறுக்கி மூடிக்கினு கீறாரு. நான் ஒவ்வொரு வெரலா பிரிச்சுப் பாக்குறேன், பிரிய மாட்டேங்குது.”

கனவுதானே என்றேன். அவள் படத்தைப் பழைய புடவையில் சுற்றிக் கொடுத்தாள்.

பெரியமேட்டில் நத்தர் பாய் கடை, பாதி கடை பாதி பட்டறை. முன்னால் போர்டுகளை அடுக்கியிருப்பார், பின்னால் ஃபிரேம் கட்டைகள் வெயிலில் காயும். நாங்கள் போகும்போது பிற்பகல் மூன்று மணி. மெல்கி அண்ணனைப் பார்த்ததும் பாய் எழுந்து, ஸ்டாண்டில் ஒரு போர்டை வைத்து, மேலே தொங்கும் விளக்கைப் போட்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். எதிர்ப் பக்கம் கிடந்த தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏன் பாய், அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானே என்றேன்.

“இல்லமா. அவர் டெஸ்ட் பண்ணசொல்ல நான் அந்தாண்ட குந்த மாட்டேன். ரெண்டு தபா குந்திப் பாத்தேன், ஒத்துக்கல,” என்றார். சிரிக்கவில்லை.

மெல்கி அண்ணன் பவுடரைத் தூவித் துணியால் பரத்தினார். நான் அப்போதே கவனித்தேன். அவர் போர்டை நிமிர்த்தவில்லை, காதை வைக்கவில்லை, ஃபிரேமை ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. நேராக டப்பாவிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்தார். அடித்தார்.

போனது. டக். வந்தது. டக். மறுபடி போனது. எதிர் ஃபிரேமில் மோதின சத்தம் கேட்டது. கேட்ட உடனே திரும்ப வேண்டுமே, வரவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக, யாரோ யோசித்துத் தள்ளிவிட்ட மாதிரி, பாதி தூரம் வந்து நின்றது.

“மூணர,” என்றார் மெல்கி அண்ணன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த போர்டு. அதிலும் அதேதான். மோதல், ஒரு மூச்சு நேரம் சும்மா, பிறகு பாதி தூரம். மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றும் மூன்றரை, கூடவுமில்லை குறையவுமில்லை. மரத்தில் செய்த பொருள் அப்படி இருக்காது. ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் அரை சாண், ஒரு சாண் வித்தியாசம் வராமல் போகாது. எனக்கு முழங்கையில் மயிர் நின்றது. வெளியே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற பட்டப்பகல், ஆனாலும் நின்றது.

ஆறாவது போர்டை வைக்கும்போது நான் எதிர்ப் பக்கம் போய்க் குந்தினேன். பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது. அவர் அடித்தார். ஸ்ட்ரைக்கர் என் பக்கத்து ஃபிரேமில் மோதி நின்றபோது, என் வலது தோளை ஒட்டி யாரோ குனிகிற மாதிரி இருந்தது. பீடி வாசனையும் அதோடு கலந்த போரிக் பவுடர் வாசனையும். தணிகாசலம் அண்ணன் ஆடும்போது காதில் அணைந்த பீடி செருகியிருப்பார். ஸ்ட்ரைக்கர் என்னை விட்டு நகர்ந்து அந்தப் பக்கம் போனது. நான் ஃபிரேமைப் பார்த்தேன். என் பக்கத்துக் கோட்டில், பரப்பின பவுடரில், விரல் முட்டி ஒன்று பதிந்த அளவுக்கு ஓர் இடம் துடைத்துக் கிடந்தது. என் கை மடியில் இருந்தது.

எழுந்துவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். கைப்பையிலிருந்து என் ஸ்ட்ரைக்கரை எடுத்து அதே போர்டில் வைத்து, என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். போனது, வந்தது, பாதி போய் நின்றுவிட்டது. இரண்டரை. முதல் போர்டைத் திரும்ப வைக்கச் சொல்லி அடித்தேன். இரண்டரைக்கும் கொஞ்சம் குறைவு. ஃபிரேமை முட்டியால் தட்டினேன். எனக்கே தெரிந்தது, மாங்கட்டை. ஈட்டி நிறத்தில் பாலிஷ் அடித்த மாங்கட்டை. பாய் தலை குனிந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பதினோரு மாதமாக இவர் கேட்கவில்லை.

மெல்கி அண்ணன் போர்டைப் பார்க்கவில்லை, தன் கையில் இருந்த ஸ்ட்ரைக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வளையத்துக்குள் ‘த’ என்று இருந்தது.

“இது அவரோடது,” என்றேன். “அப்ப அவர் கைல நீ வெச்சது?”

அவர் கடை வாசலில் உட்கார்ந்தார். நான் மறுபடி கேட்காமலேயே, தெருவைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர், எழுத்துத் தெரியவில்லை. கையில் வந்ததை எடுத்து வைத்தார். நாலாம் நாள் டப்பாவைத் திறந்தபோதுதான், தன்னுடையது மண்ணுக்குள் போயிருப்பதும் அவனுடையது இங்கே கிடப்பதும் தெரிந்தது. வழக்கத்தைத் தப்பாகச் செய்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? குணசுந்தரியிடமா? அடுத்த வாரம் ஒரு மன்றத்துக்குப் போர்டு பார்க்கப் போனபோது வேறு ஸ்ட்ரைக்கர் இல்லை. இதைத்தான் அடித்தார். போய், வந்து, போனது. அங்கே கொஞ்சம் நின்று, பிறகு வந்தது.

“தெரிஞ்சிச்சு சலோமி. மொத தபாவே தெரிஞ்சிச்சு. மரம் அப்டி அனுப்பாது. இருபத்திநாலு வருசம் அந்தாண்ட குந்தினவன், அவன் தள்ளுறது எனக்குத் தெரியாதா? போர்டு இன்னா போர்டுனு அப்பறம் நான் பாக்கவே இல்ல. அவன் வர்றானானுதான் பாத்தேன்.”

இந்த மனிதர் பதினோரு மாதமாக ஊருக்கெல்லாம் கெட்ட போர்டு கொடுத்திருக்கிறார், நான் ஒரு அரையிறுதி தோற்றிருக்கிறேன், இருந்தாலும் அவர் தோளில் கை வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். என் ஸ்ட்ரைக்கரைக் கேட்டு வாங்கினார். ‘த’வைத் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தினார். பாய், எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடு என்றார்.

முதல் ஆறையும் தள்ளினார். பிறகு பழைய மெல்கியோர் அண்ணனாக, போர்டைச் சுவரில் சாய்த்து, காதை ஒட்டி, தட்டத் தொடங்கினார். பாய் உள்ளேயிருந்து கருவேலங்கட்டை போட்டவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றில் பொத்தென்று வெற்றிடம், வேண்டாம். ஒன்றில் லேக்கர் கனம், நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது, வேண்டாம். ஒன்றில் அடிச்சட்டம் சரியில்லாமல் நடுப்பலகை நூல் பிடித்தால் தாழ்கிறது, வேண்டாம். தேறியவற்றில் என் ஸ்ட்ரைக்கரை அடித்தபோது, ஃபிரேமில் மோதிய நொடியே திரும்பியது. மூன்றரைக்குக் கொஞ்சம் மேல், மூன்றரைக்குக் கொஞ்சம் கீழ். மரம் மரமாக இருந்தது. காய்களையும் கண்ணாடிமேல் படுக்க வைத்து, ஆடுவதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, எட்டு செட் சேர்த்தார். சாயம் ஊறின கறுப்புக் காய் வெள்ளையைவிடக் கனமாக இருந்த ஒரு செட்டைத் திருப்பிக் கொடுத்தார். முடியும்போது ஐந்தரை மணி. நத்தர் பாய் தன் ஸ்டூலை எடுத்துவந்து எதிர்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் எட்டு போர்டிலும் அவர் எழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுறேன் என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மன்றத்துத் தகர ஷெட்டில் அறுபது பேர் இருந்தோம். மாவட்டத்து நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்டாகச் சோதித்தார். எட்டும் தேறின. நடு மேஜையில் இருந்ததைப் பார்த்து, இது முதல் தரம், யார் எடுத்தது என்று கேட்டார். எல்லோரும் மெல்கி அண்ணனைப் பார்த்தார்கள். வியாசர்பாடிக்காரர்கள்கூடப் பார்த்தார்கள்.

நினைவுப் போட்டியில் முதல் அடி ஜோடிக்காரருடையது. காய் வைக்காத வெறும் போர்டில் ஒரே ஓர் அடி. எதிர் நாற்காலியில் தணிகாசலத்தின் துண்டைப் போட்டு, பின்னால் படத்தை வைத்திருந்தோம். குணசுந்தரி அக்கா படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மெல்கி அண்ணன் டப்பாவைத் திறந்தார். என் கண்ணெதிரே ‘த’வை எடுத்தார், எழுத்து மேலே தெரிய கோட்டில் வைத்தார். அதை நான் பார்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

அக்கா பக்கம் திரும்பினார். “தப்பு பண்டேன் குணா. அவன் கைல என்னுத வெச்சிட்டேன். அவனுத இன்னிக்கிக் குட்த்துடறேன்,” என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அடித்தார். போனது, வந்தது, போனது. எதிர் ஃபிரேமில் மோதியது. வரவில்லை. ஃபிரேமை விட்டு நாலு விரல்கட்டை மட்டும் நகர்ந்து, எதிர்ப் பக்கத்து இரட்டைக் கோட்டில், இரண்டையும் தொட்டபடி, ஆட்டக்காரர் அடிக்க எடுத்து வைக்கிற மாதிரியே நின்றது. ஷெட்டுக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நடுவர், மூணுதானே வந்தது, சோதிக்கும்போது மூன்றரை வந்ததே என்று முணுமுணுத்தார். அவரைப் பக்கத்திலிருந்தவர்கள் அடக்கினார்கள்.

மெல்கி அண்ணன் எழவில்லை. நான்தான் சுற்றிப் போய் அந்த நாற்காலிப் பக்கம் குனிந்து எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. ஆடி மாதத்துத் தகர ஷெட்டில் அப்படியொரு குளிர்ச்சி எங்கிருந்து வரும்? வளையக் கோட்டுக்குள் கறுப்பாய் ஏதோ அப்பியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். ஈர மண்.

மண் போன இடத்தில் எழுத்துத் தெரிந்தது. ‘மெ’.

அதை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார். டப்பாவைக் கவிழ்த்துத் துணியை உதறிக் காட்டினார், அதில் வேறொன்றும் இல்லை. ‘த’ எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மூலக்கொத்தளத்தில் போய்த் தோண்டிப் பார்க்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. குணசுந்தரி அக்கா மட்டும் படத்தருகே உட்கார்ந்து, தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

மெல்கி அண்ணன் தன் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து இன்னொரு முறை அடித்தார். போனது. டக். வந்தது. டக். போனது. டக். மோதிய நொடியே திரும்பியது, பாதி தூரம் வந்தது, நடு வட்டத்துக்குள் நின்றது. மூன்றரை.

திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. பிறகு கீழே குனிந்து, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, போர்டின் அடிச்சட்டத்தில் தடவித் தடவி எழுதினார்.

“போர்டு சரியா கீது,” என்றார்.